ஒரு ஹவருக்கு நானூறு ரூபாய்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனிப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். உறவு முறையில் எனக்குத் தங்கை. எம்.ஏ., எம்.ஃபில். முடித்து, நெட் தேர்விலும் தேறியவள். இப்போது பக்கத்து ஊர் தனியார் பள்ளியில் ஆசிரியை. பி.எஃப். பிடித்தது போகக் கையில் 13,500 ரூபாய் வருகிறது. மே மாதத்துக்கும் சம்பளம் உண்டு. பள்ளிக்கு நடந்தே போய்விடலாம்.

அவளுக்கு ஒரு சுயநிதிக் கல்லூரியில் பகுதிநேர விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாரத்துக்கு 12 ஹவர், ஒரு ஹவருக்கு 400 ரூபாய்.

"பன்னெண்டு நாலு நாப்பத்தெட்டு. நாப்பத்தெட்டு ஹவர், நானூறு ரூபா. பத்தொம்பதாயிரத்து இருநூறு வருதுண்ணா. ஸ்கூல விட்டுடலாம்னு இருக்கேன். அம்மாவும் போன்னுதான் சொல்லுது."

அம்மா ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் அவர். மகள் 'காலேஜ் புரொஃபசர்' என்று தெருவில் சொல்லிக்கொள்வதற்கு எங்கள் காலனியில் ஒரு விலை உண்டு. அந்த விலையை நானும் கொடுத்திருக்கிறேன். ஆறு வருடம் மணிக்கணக்குச் சம்பளத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான். சேரும்போது இதே பெருக்கல் கணக்கைத்தான் நானும் போட்டேன்.

அவளிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பரணில் கிடந்த என் 2018-19 டைரியை எடுத்து வந்து காட்டினேன். எந்தத் தேதியில் எத்தனை ஹவர் எடுத்தேன், எந்த பில் எப்போது பாஸானது என்று அதில் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பழக்கத்துக்குக் காரணம் ஒழுக்கமல்ல, பயம். எழுதி வைக்காத ஹவருக்குக் காசு கிடையாது.

அந்த வருடம் எனக்கு 14 ஹவர், ஒரு ஹவருக்கு 300 ரூபாய். தங்கை போட்ட மாதிரியே போட்டால் மாதம் 16,800 வர வேண்டும். வருடம் முழுக்க எனக்கு உண்மையில் கிடைத்த ஹவர்களைச் சொல்கிறேன். ஜூனில் கல்லூரி மூன்றாம் வாரம்தான் திறந்தது, முதலாண்டு மாணவர்கள் இன்னும் வரவில்லை, டைம்டேபிளும் முடிவாகவில்லை. எனக்கு 11 ஹவர். ஜூலையில் 52. அதுதான் அந்த வருடத்தின் உச்சம். ஆகஸ்டில் கலைஞர் மறைவுக்கு விடுமுறை, சுதந்திர தினம், பக்ரீத், நடுவில் இன்டர்னல் டெஸ்ட். ஆக 41. செப்டம்பரில் 38. அக்டோபரில் ஆயுத பூஜையும் மாடல் எக்ஸாமும் போக 29. நவம்பர் முழுக்கப் பல்கலைக்கழகத் தேர்வு, ஒரு ஹவர்கூட இல்லை. தீபாவளி மாதத்தில் சம்பளக் கணக்கு பூஜ்ஜியம். டிசம்பரில் 27, பொங்கல் மாதமான ஜனவரியில் 33, பிப்ரவரியில் 45, மார்ச்சில் 40. தேர்தல் வந்த ஏப்ரலில் 6. மே பூஜ்ஜியம்.

கூட்டினால் 322 ஹவர். 300-ஆல் பெருக்கினால் 96,600 ரூபாய். மாதத்துக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். பத்தாலோ ஒன்பதாலோ அல்ல, ஏனென்றால் நவம்பரிலும் மே மாதத்திலும் வீட்டில் அடுப்பு எரிகிறது. விடை 8,050.

பதினாறாயிரத்து எண்ணூறு என்று நம்பி உள்ளே போனவனுக்கு அதில் பாதிகூட வரவில்லை. இதில் யாரும் என்னை ஏமாற்றவில்லை. சொன்ன ரேட்டைக் கொடுத்தார்கள், எடுத்த ஹவருக்குக் கொடுத்தார்கள். தப்பு பெருக்கலில் இருந்தது. 'வாரம்' என்ற சொல்லிலும் 'நான்கு' என்ற எண்ணிலும் இருந்தது.

'வாரத்துக்கு 12 ஹவர்' என்று ஆபீஸில் சொல்வார்கள். ஆனால் நம் கல்லூரிகள் பலவற்றில் டைம்டேபிள் ஓடுவது கிழமையில் அல்ல, டே ஆர்டரில். முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு நாள் சுற்று. திங்களன்று விடுமுறை வந்தால் அன்றைய டே ஆர்டர் செவ்வாய்க்குத் தள்ளிப் போகும். வாரத்துக்கு ஐந்து நாள் மட்டும் நடக்கும் கல்லூரியில் ஒரு சுற்று முடிய ஆறு வேலை நாள், அதாவது ஒரு வாரமும் ஒரு நாளும் ஆகும். அங்கே சுற்றுக்கு 12 ஹவர் என்றால் நிஜமான வாரத்துக்கு 10 ஹவர்தான். பண்டிகை இல்லாத மாதத்திலேயே 21, 22 வேலை நாள்தான் வரும். நான்கு சுற்று முடியாது.

அதனால் மாதத்தில் தொடங்கக் கூடாது, வருடத்தில் தொடங்க வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்பது வழக்கமான கணக்கு. வருடத்துக்கு 180. ஆறால் வகுத்தால் 30 சுற்று. எனக்குச் சுற்றுக்கு 14 ஹவர், ஆக வருடத்துக்கு 420. (இந்த எண்ணைப் பார்த்ததும் தங்கை சிரித்துவிட்டாள். எனக்கு அந்த வருடம் சிரிப்பு வரவில்லை.)

அந்த 420 எப்படி 322 ஆனது? 98 ஹவர், அதாவது ஏழு சுற்று, எங்கே போனது? கல்லூரியின் கணக்கில் 'வேலை நாள்' என்பதும் நமக்குக் காசு வரும் நாளும் ஒன்றல்ல. இன்டர்னல் டெஸ்ட் இரண்டு, மாடல் எக்ஸாம் ஒன்று. செமஸ்டருக்குப் பன்னிரண்டு நாள் அதிலேயே போகும். வருடத்துக்கு இருபத்துநான்கு நாள். அவை எல்லாம் வேலை நாள்தான். அந்த நாட்களில் நானும் கல்லூரியில்தான் இருந்தேன். தேர்வு அறையில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குக் காசு கிடையாது, ஏனென்றால் அது 'லெக்சர்' அல்ல. விளையாட்டு விழா, ஆண்டு விழா, செமினார் எல்லாம் இதே வகை. பிறகு சனிக்கிழமைகள். விட்டுப்போன நாளை ஈடுகட்ட 'சனிக்கிழமை மூன்றாம் டே ஆர்டர்' என்று போர்டில் எழுதுவார்கள். மாணவர்கள் நாலு பேர் வருவார்கள். வகுப்பு எடுக்க வேண்டாம் என்று ஹெச்.ஓ.டி. சொல்லிவிடுவார். நிரந்தர ஆசிரியருக்கு அது வேலை நாள். எனக்கு அது பஸ் செலவு.

இந்த 322-ஐ 420-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 77 சதவீதம் வருகிறது. என் கல்லூரியின் கதை இது. உங்கள் கல்லூரியில் கொஞ்சம் கூடலாம், குறையலாம். டெஸ்ட் நாளுக்கும் காசு தருகிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் பெரிய வித்தியாசம் வரும்.

இனி செலவு. என் 14 ஹவர் மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் டைம்டேபிள் போடும்போது நிரந்தரப் பணியாளர்களுக்கு வசதியான ஹவர் போக மிச்சம்தான் நமக்கு. முதல் ஹவர் ஒன்று, ஐந்தாம் ஹவர் ஒன்று என்று விழும். அந்த வருடம் 170 நாள் கல்லூரிக்குப் போனேன். இரண்டு பஸ் மாற, ஒரு நாளைக்கு 46 ரூபாய். 7,820 ஆகிறது. கேள்வித்தாள், நோட்ஸ் ஜெராக்ஸ் எல்லாம் கைக்காசு, 1,580. மூன்றாவது செலவை நான் கடைசி வருடம் வரை செலவாகவே எண்ணவில்லை. அது வட்டி.

மணிக்கணக்குச் சம்பளம் மாதக் கடைசியில் வருவதில்லை. மாதம் முடிந்ததும் தேதி வாரியாக க்ளெய்ம் பாரம் எழுத வேண்டும். அதை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஹெச்.ஓ.டி. கையெழுத்துப் போடுவார், பிறகு முதல்வர், பிறகு அலுவலகம். ஒரு தேதி பொருந்தவில்லை என்றால் முழு பாரமும் திரும்பும். ஜூலையில் எடுத்த 52 ஹவருக்குக் காசு செப்டம்பர் கடைசியில் வந்தது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஓட்டுவதற்காகப் பத்தாயிரம் ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினேன். மாதம் 300, நான்கு மாதத்துக்கு 1,200. கணக்குப் போட்டால் நான்கு வகுப்பு நான் வட்டிக்காரருக்காக எடுத்திருக்கிறேன்.

எல்லாச் செலவும் 10,600. கழித்தால் 86,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,166.

தங்கை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டிடிஎஸ் பிடிப்பாங்களாண்ணா?" என்றாள். நல்ல கேள்வி. எனக்கு இதைக் கேட்கவே தோன்றாமல் இரண்டு வருடம் போனது. எங்களைப் பணியாளராக அல்லாமல், தொழில்முறைக் கட்டணம் வாங்குபவராகக் கணக்கில் எழுதியிருந்தார்கள். அப்போது வருமான வரிச் சட்டத்தின் 194ஜெ பிரிவில், வருடத்துக்கு 30,000 ரூபாயைத் தாண்டிய தொகைக்கு 10 சதவீதம் பிடித்தார்கள். 96,600-க்கு 9,660, அதாவது 32 வகுப்பின் காசு. வரி கட்ட வேண்டிய வருமானமே இல்லாதவனிடம் பிடித்த வரி அது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் முழுதும் திரும்ப வரும். தாக்கல் செய்யாவிட்டால் யாரும் வீட்டுக்கு வந்து கொடுக்க மாட்டார்கள். நான் முதல் இரண்டு வருடம் தாக்கல் செய்யவில்லை, அந்தப் பணம் போனது போனதுதான். பிடித்ததைக் கல்லூரி நம் பான் எண்ணில் கட்டியிருக்கிறதா என்று படிவம் 26ஏஎஸ்-இல் பார்த்துக்கொள்ள வேண்டும். பான் எண்ணே கொடுக்காமல் விட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். தொழில்முறைக் கட்டணம் என்று எழுதியதில் இன்னொன்றும் இருக்கிறது. பணியாளர் இல்லை என்றால் பி.எஃப். இல்லை. பள்ளியில் அவளுக்குப் பிடிக்கிற பி.எஃப்.க்கு நிர்வாகமும் தன் பங்கைப் போடுகிறது. அது அவள் கணக்கில் எங்கும் வரவில்லை.

இதே கணக்கை அவளுக்குப் போட்டோம். சுற்றுக்கு 12 ஹவர், 30 சுற்று, 360. அதில் 77 சதவீதம் என்று வைத்தால் ஏறக்குறைய 276 ஹவர். 400-ஆல் பெருக்கினால் 1,10,400. மாதம் 9,200. பெண்களுக்கு பஸ் இலவசம்தானே என்று கேட்பீர்கள். இலவசம் டவுன் பஸ்ஸுக்கு. அந்தக் கல்லூரி வாசலில் நிற்பது மொஃபசல் பஸ். போக வர 50 ரூபாய், 160 நாளுக்கு 8,000. மிச்சம் 1,02,400. மாதத்துக்கு 8,533.

பள்ளியில் 13,500. கல்லூரியில் 8,533.

"அப்ப எவ்வளவு கேட்டா சரியா வரும்?" என்று கேட்டாள். கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். பள்ளி வருடத்துக்குத் தருவது 1,62,000. அதோடு பஸ் செலவு 8,000 சேர்த்தால் 1,70,000. இதை 276 ஹவரால் வகுத்தால் 616 ரூபாய். அதற்குக் கீழே எந்த ரேட்டும் அவளுக்குச் சம்பளக் குறைப்புதான். ரேட்டை ஏற்ற மாட்டோம், ஹவரை ஏற்றுகிறோம் என்று சொன்னால், 400 ரூபாய் ரேட்டில் சுற்றுக்குப் பதினெட்டரை ஹவர் வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி வைத்திருக்கும் நேரடிக் கற்பித்தல் வாரம் 16 மணி நேரம். நிரந்தரப் பணியாளரைவிட அதிகமாக நடத்தினால்தான் பள்ளிச் சம்பளத்தைத் தொட முடியும்.

யுஜிசி என்றதும் அவளுக்கு நினைவு வந்தது. "கெஸ்ட் லெக்சரருக்கு மாசம் ஐம்பதாயிரம்னு போட்டிருக்காங்களே?" ஆமாம். 2019 ஜனவரியில் யுஜிசி போட்ட விதி, ஒரு லெக்சருக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000. செய்தியில் 50,000 மட்டும்தான் பெரிதாக வரும். அது உச்சவரம்பு, சம்பளம் அல்ல. 33 லெக்சர் எடுத்தாலே 49,500 ஆகிவிடும். அதற்கு மேல் அந்த மாதம் எடுப்பதெல்லாம் ஏறக்குறைய இலவசம். என் டைரியின் ஹவர்களை இந்த ரேட்டில் போட்டுப் பார்த்தேன். ஜூலையின் 52 ஹவருக்கு 78,000 வர வேண்டும், 50,000-இல் நின்றுவிடும். நவம்பருக்கு வழக்கம்போல பூஜ்ஜியம். ஜூலையில் வெட்டியதை எடுத்து நவம்பரில் கொடுக்க விதியில் இடமில்லை. வருடம் முழுக்க 4,09,000 வருகிறது. மாதம் 34,000. உச்சவரம்பு மட்டும் 74,000 ரூபாயை எடுத்துக்கொண்டது. நான் வாங்கியதோடு ஒப்பிட்டால் 34,000 பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஐம்பதாயிரம் அல்ல.

இன்னொரு கணக்கும் உண்டு. அதை அவளிடம் சொல்லத் தயங்கினேன், பிறகு சொன்னேன். 322 வகுப்புக்கு நான் எத்தனை மணி நேரம் கொடுத்தேன்? ஒரு வகுப்புக்கு அரை மணி நேரம் தயாரிப்பு என்று குறைத்தே வைத்தாலும் 160 மணி நேரம். 600 விடைத்தாள் திருத்த 80. தேர்வு அறையில் நின்றது 40. இரண்டு ஹவருக்கு நடுவே ஸ்டாஃப் ரூம் மூலையில் காத்திருந்தது 250. மொத்தம் 852 மணி நேரம். கைக்கு நின்ற 86,000-ஐ இதனால் வகுத்தால் மணிக்கு நூறு ரூபாய் சொச்சம். 300 என்பது கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் நேரத்துக்கு மட்டுமான விலை.

"அனுபவம் சேருமேண்ணா?" இந்தக் கேள்வியில்தான் ஆறு வருடம் நானும் தங்கினேன். சான்றிதழ் தருவார்கள். ஆனால் பின்னாளில் நிரந்தர வேலை கிடைத்து, பழைய வருடங்களைப் பதவி உயர்வுக்குச் சேர்க்கச் சொல்லும்போது யுஜிசியின் 2018 ஒழுங்குமுறை ஒரு நிபந்தனை வைக்கிறது. தற்காலிக, ஒப்பந்தப் பணியில் வாங்கிய மொத்த ஊதியம் முறையாக நியமிக்கப்பட்ட உதவிப் பேராசிரியரின் மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700. எட்டாயிரம் வாங்கியவனின் ஆறு வருடம் அங்கே வருடமாகவே எண்ணப்படாது. குறைத்துக் கொடுத்தது ஒரு தண்டனை, குறைவாக வாங்கினாய் என்பதற்கு இன்னொன்று.

ஒருமுறை எங்கள் முதல்வரிடம், இந்தப் பகுதிநேர இடங்களுக்கு இடஒதுக்கீடு பார்ப்பதுண்டா என்று கேட்டேன். "தம்பி, இது போஸ்டே இல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விளக்கமாகத்தான் சொன்னார். அந்த வருடம் எங்கள் துறையில் மணிக்கணக்கில் இருந்த நாலு பேரில் மூன்று பேர் காலனியிலிருந்து வந்தவர்கள். போஸ்டாக இருந்த ஆறு இடத்தில் எங்களில் ஒருவரும் இல்லை.

போகும்போது தங்கையிடம் மூன்று விஷயம் கேட்டு வரச் சொன்னேன். 12 ஹவர் என்பது வாரத்துக்கா, டே ஆர்டர் சுற்றுக்கா? டெஸ்ட் நாளுக்கும் தேர்வு மேற்பார்வைக்கும் காசு உண்டா? டிடிஎஸ் எந்தக் கணக்கில் பிடிக்கிறார்கள்? இவற்றுக்கு ஆபீஸில் பதில் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது, அதுதான் எல்லாவற்றையும்விடச் சுலபம். போன வருடம் அதே வேலையைப் பார்த்தவரைக் கண்டுபிடித்து அவருடைய பாஸ்புக்கைப் பார்க்கச் சொன்னேன். ஜூனிலிருந்து மே வரை வேலை செய்ததற்குக் கல்லூரியிலிருந்து வந்த வரவை மட்டும் கூட்டிப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். மார்ச் மாத பில் ஜூனில் வந்திருக்கும், அதை விட்டுவிடக் கூடாது. அதே மாதிரி, முந்தைய வருடத்து பாக்கி ஜூலையில் வந்திருந்தால் அதைச் சேர்க்கக் கூடாது.

புதன்கிழமை போன் செய்தாள். ஹவர், சுற்றுக்குத்தானாம். டெஸ்ட் நாளுக்குக் காசு உண்டா என்று கேட்டதற்கு, இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். டிடிஎஸ் பற்றித் தெரிந்தவர் லீவில் இருக்கிறார். அவள் 616 என்று சொல்லக் கூச்சப்பட்டு 600 கேட்டிருக்கிறாள். நிர்வாகம் யோசித்துவிட்டு 425 தருகிறோம், வரும் திங்களுக்குள் பதில் சொல்லுங்கள் என்று சொன்னதாம்.

அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தாள். கூடுதல் 25 ரூபாய், 276 ஹவருக்கு 6,900, மாதத்துக்கு 575.